குழுவிலிருந்து நீக்கப்பட்டவரின் கைப்பேசியில் எஞ்சுவது என்ன?

வாட்ஸ்அப் குழு ஒன்றிலிருந்து அட்மின் ஒருவரை நீக்கியதும் இரு தரப்பிலும் ஒரே கேள்வி எழுகிறது. நீக்கப்பட்டவர், இதுவரை பேசியதெல்லாம் தம்மிடமிருந்து போய்விடுமா என்று கேட்கிறார். நீக்கிய அட்மினோ, இதுவரை பேசியதெல்லாம் அவரிடமே இருந்துவிடுமா என்று கேட்கிறார். கவலைகள் எதிரெதிரானவை என்றாலும் விடை ஒன்றுதான். பழைய செய்திகள் அவரிடமே இருக்கும். புதியவை மட்டுமே வராது. ஆனால் ‘பழையவை’ என்பதற்கும் ‘புதியவை’ என்பதற்கும் இடையிலுள்ள எல்லைக்கோடு, பலர் எண்ணுவதுபோல் அட்மின் பொத்தானை அழுத்திய கணத்தோடு முடிந்துவிடுவதில்லை. அந்தக் கோட்டின் இருபுறமும் நடப்பவற்றைத்தான் இங்கே சற்று விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில், நீக்கப்பட்டவரின் திரையில் என்ன தெரிகிறது என்பதைப் பார்ப்போம். உரையாடல் பட்டியலிலிருந்து குழு மறைந்துவிடுவதில்லை. அது வழக்கம்போல் அங்கேயே இருக்கும். அதைத் திறந்தால், கடைசியாக வந்த செய்திகளுக்குக் கீழே, நடுவில் சிறிய எழுத்தில், இன்னார் உங்களை நீக்கினார் என்ற பொருளில் ஒரு வரி காணப்படும். செயலைச் செய்த அட்மினின் பெயரோ எண்ணோ அந்த வரியிலேயே இருக்கும். ஆகவே பல அட்மின்கள் உள்ள குழுவில் யார் நீக்கினார் என்பது அவருக்கு மறைபொருள் அல்ல. தட்டச்சு செய்யும் பெட்டி இருந்த இடத்தில், நீங்கள் இப்போது இந்தக் குழுவின் உறுப்பினர் அல்லர் என்பதால் செய்தி அனுப்ப இயலாது என்ற அறிவிப்பு நிற்கும். அந்த நீக்க வரி பழைய செய்திகளோடு செய்தியாகக் கலந்துவிடுவதால், பலர் தாங்கள் நீக்கப்பட்டதை உடனே அறிவதில்லை. சில நாள்களாகக் குழு அமைதியாக இருக்கிறதே என்று திறந்து பார்க்கும்போதுதான் அறிகிறார்கள்.

இந்த அறிவிப்பை இன்னொன்றோடு குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. அட்மின்கள் மட்டுமே செய்தி அனுப்பலாம் என்று குழுவின் அமைப்பை மாற்றினாலும் தட்டச்சுப் பெட்டி மறைந்துவிடும். ஆனால் அப்போது அங்கே தோன்றும் வாசகம் வேறு. அட்மின்கள் மட்டுமே அனுப்ப முடியும் என்றுதான் அது சொல்லும். புதிய செய்திகளும் தொடர்ந்து வந்துகொண்டிருக்கும். எனவே பெட்டி இல்லை என்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது; பெட்டி இருந்த இடத்தில் எழுதப்பட்டிருப்பதைப் படித்தாக வேண்டும். அட்மின்மீது கோபித்துக்கொண்டு நீண்ட செய்தி அனுப்பிய பிறகு, குழு முழுவதுக்குமே வாய்ப்பூட்டு போடப்பட்டிருந்ததை அறிந்து நாணியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நீக்கப்பட்ட கணத்தில் அந்தக் குழு அவருடைய கைப்பேசியில் உறைந்துபோகிறது என்று சொல்வது பொருத்தமாக இருக்கும். பிறகு குழுவின் பெயரை மாற்றினாலும், படத்தை மாற்றினாலும், புதியவர்களைச் சேர்த்தாலும் எந்தத் தகவலும் அவருக்கு வராது. ஒரு செய்தியை அனுப்பியவர் 15 நிமிடங்களுக்குள் திருத்தலாம் என்ற வசதி இருக்கிறது அல்லவா? அந்தத் திருத்தம் நீக்கத்துக்குப் பின் செய்யப்பட்டால், நீக்கப்பட்டவரின் திரையில் திருத்தப்படாத பழைய வடிவமே நிற்கும். வாக்கெடுப்பு ஒன்று நடந்துகொண்டிருந்தால், அவர் வெளியேற்றப்பட்டபோது இருந்த எண்ணிக்கையே அவருக்குக் கடைசி எண்ணிக்கை. ஆனால் அதுவரை பேசியவர்களின் எண்கள் அவரவர் செய்திகளுக்கு மேலே அப்படியே இருக்கும். அந்த எண்களைத் தொட்டு ஒவ்வொருவருக்கும் தனியாகச் செய்தி அனுப்புவதற்கு எந்தத் தடையும் இல்லை. ஒருவரைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டால் மற்ற உறுப்பினர்களோடு அவருக்கு இருந்த தொடர்பு அறுந்துவிடும் என்று அட்மின்கள் எண்ணுவது தவறான கணிப்பு. தொடர்பை அறுக்க விரும்பும் உறுப்பினர் தாமாக அவரை பிளாக் செய்ய வேண்டும்.

மறுபுறம், குழுவில் எஞ்சியிருப்பவர்களுக்கும் இந்த நீக்கம் தெரியும். இன்னார் இன்னாரை நீக்கினார் என்ற வரி உரையாடலிலேயே விழுகிறது. குழு விவரப் பக்கத்தில் உறுப்பினர் பட்டியலின் அடியில், கடந்த 60 நாள்களில் வெளியேறியவர்களையும் வெளியேற்றப்பட்டவர்களையும் காட்டும் பகுதியும் உண்டு. 2022இல், குழுவைவிட்டுத் தாமாக விலகுபவர்கள் அட்மின்களுக்கு மட்டும் தெரியும்படி ஓசையின்றி விலகும் வசதி வந்தது. நீக்கத்துக்கு அந்த மறைவு இல்லை.

இனி, பழைய செய்திகள் ஏன் அவரிடமே இருக்கின்றன என்பதற்கு வருவோம். வாட்ஸ்அப் குழு என்பதை எல்லாரும் சென்று உட்காரும் ஒரு கூடமாக நாம் மனத்தில் வரைந்துகொள்கிறோம். கூடத்தைவிட்டு வெளியேற்றினால் உள்ளே சுவரில் எழுதியிருப்பதைப் படிக்க முடியாது என்பது அந்த வரைவின்படி சரியே. ஆனால் வாட்ஸ்அப் அப்படிக் கட்டப்பட்டதன்று. அது அஞ்சல் நிலையத்தைப் போன்றது. குழுவில் 40 பேர் இருந்தால், ஒருவர் எழுதும் ஒவ்வொரு செய்தியும் மற்ற 39 பேருக்கும் தனித்தனியே கொண்டுபோய்ச் சேர்க்கப்படுகிறது. ஒவ்வொருவருக்கும் வந்த பிரதி அவரவர் கைப்பேசியின் நினைவகத்தில் தங்குகிறது. ஒருவருக்குச் சேர்ந்துவிட்ட செய்தியை சர்வர் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. சேராததை மட்டும், அதுவும் குறியாக்கம் செய்யப்பட்ட நிலையில், 30 நாள்கள்வரை வைத்திருந்து பிறகு அழித்துவிடுகிறது. ஆகவே குழுவின் முழு வரலாறு என்று ஒன்று எந்த நடு இடத்திலும் இல்லை. 40 கைப்பேசிகளில் 40 வரலாறுகள் இருக்கின்றன. எப்போது சேர்ந்தார், எதை அழித்தார் என்பதைப் பொறுத்து அவை ஒன்றுக்கொன்று சற்றே வேறுபட்டும் இருக்கின்றன.

இந்த அமைப்பில், ஒருவரை நீக்குவது என்றால் அஞ்சல் நிலையத்தின் விலாசப் பட்டியலிலிருந்து அவருடைய பெயரை அடிப்பது என்றே பொருள். அதன்பின் எழுதப்படும் கடிதங்கள் அவருக்குப் போகா. ஆனால் ஏற்கெனவே அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த கடிதங்களைத் திரும்பப் பெறுவதற்கு அந்தச் செயலில் எந்த ஏற்பாடும் இல்லை. குழுவையே அழித்துவிட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். அட்மின் தம் கைப்பேசியில் குழுவை அழித்தால் அழிவது அவருடைய பிரதி மட்டும்தான். எல்லாரையும் ஒவ்வொருவராக நீக்கி, தாமும் வெளியேறி, பிறகு குழுவை அழித்தால்கூட, நீக்கப்பட்ட அத்தனை பேரிடமும் பழைய உரையாடல் இருக்கவே செய்யும்.

புதிய செய்திகள் அவருக்குக் கிடைக்காது என்பதற்கு இரண்டு பூட்டுகள் உள்ளன. விலாசப் பட்டியலில் பெயர் இல்லை என்பது முதலாவது. இரண்டாவது குறியாக்கத்தில் இருக்கிறது. குழுவில் ஒவ்வொரு உறுப்பினரும் தாம் எழுதுவதைப் பூட்டுவதற்கென ஒரு சாவியை உருவாக்கி, அதை மற்ற உறுப்பினர்களுக்கு முன்கூட்டியே, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பூட்டி அனுப்பி வைத்திருக்கிறார். பயனர் எதையும் செய்ய வேண்டியதில்லை, கைப்பேசிகளே செய்துகொள்கின்றன. குழுவிலிருந்து ஒருவர் வெளியேறினால் அல்லது வெளியேற்றப்பட்டால், எஞ்சிய எல்லாருடைய கைப்பேசிகளும் பழைய சாவிகளை எறிந்துவிட்டுப் புதியவற்றை உருவாக்கிப் பகிர்ந்துகொள்கின்றன. அவரிடம் இருக்கும் பழைய சாவியால் இனி எழுதப்படுவதைத் திறக்க முடியாது. ஆனால் அந்தப் பழைய சாவிகளால் ஏற்கெனவே திறந்து படித்துத் தம் நினைவகத்தில் வைத்துக்கொண்டவை அவருடைய கைப்பேசியில் படிக்கத்தக்க வடிவிலேயே கிடக்கின்றன. பூட்டை மாற்றுவது எதிர்காலத்தைத்தான் காக்கும்.

எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காண்பது எளிது. ஒரு பணிக்குழு இருக்கிறது என்று கொள்வோம். அதில் ஒருவரை நீக்க வேண்டும் என்று அட்மின்கள் முடிவு செய்கிறார்கள். நீக்கப்படவிருப்பவரின் கைப்பேசி காலை 10 மணிக்கே மின்சாரம் தீர்ந்து அணைந்துவிட்டது. 11 மணிக்குக் குழுவில் ஒருவர் தொலைபேசி எண்கள் அடங்கிய பட்டியல் ஒன்றைப் பகிர்கிறார். பிற்பகல் 2 மணிக்கு இன்னொருவர், நீக்கப்படவிருப்பவரைப் பற்றியே, அவர் இன்னும் குழுவில் இருப்பதை மறந்துவிட்டு, கடுமையாக எழுதுகிறார். மாலை 4.40க்கு அட்மின் அவரை நீக்குகிறார். 5 மணிக்கு, அப்பாடா போய்விட்டார் என்று குழுவில் பேச்சு தொடர்கிறது. இரவு 9 மணிக்கு அவர் கைப்பேசியை உயிர்ப்பிக்கிறார்.

அவர் எதையெதைப் பார்ப்பார்? அட்மின்களிடம் கேட்டால் பெரும்பாலோர், 4.40க்கே நீக்கிவிட்டோம், அதன்பின்தானே கைப்பேசியைத் திறந்தார், ஆகவே 10 மணிக்குப் பிந்திய எதையும் பார்க்க மாட்டார் என்பார்கள். உண்மை அதுவன்று. 11 மணிப் பட்டியலும் 2 மணிக் கடுஞ்சொற்களும் எழுதப்பட்ட அந்தந்தக் கணத்திலேயே அவருடைய பெயருக்கு வரிசையில் போடப்பட்டுவிட்டன. அவர் கைப்பேசி இணையத்துக்கு வந்தவுடன் அவை வரிசைப்படி வந்து இறங்கும். அவற்றுக்குப் பின்னால் நீக்கப்பட்டீர்கள் என்ற வரியும் வந்து இறங்கும். 5 மணிப் பேச்சு மட்டுமே அவருக்கு வராது. அதாவது ஒரு செய்தி ‘பழையதா’ ‘புதியதா’ என்பதைத் தீர்மானிப்பது அது எழுதப்பட்ட நேரமே. அவர் எப்போது பார்த்தார் என்பது அன்று. இந்த இடைவெளி 30 நாள்கள்வரை நீளலாம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பயணத்தில் இருந்தவர் மூன்று வாரம் கழித்து வந்து கைப்பேசியைத் திறந்தாலும், நீக்கத்துக்கு முந்தியவை அவருக்காகக் காத்திருக்கும்.

அட்மின்கள் அடுத்துச் செய்யும் பிழை இதிலிருந்துதான் பிறக்கிறது. நீக்கிய பிறகுதான் அந்தப் பட்டியலைப் பற்றிய நினைவு வருகிறது. உடனே அதைத் தேடிப்பிடித்து Delete for everyone என்பதை அழுத்துகிறார்கள். குழுவில் எல்லாருடைய திரையிலும் அது மறைகிறது, நிம்மதி அடைகிறார்கள். ஆனால் எல்லாருக்கும் அழிப்பது என்பதும் உண்மையில் ஒரு செய்திதான். ‘முன்பு வந்த இன்ன செய்தியை அழித்துவிடு’ என்ற கட்டளை ஒரு கடிதமாகக் குழு உறுப்பினர்கள் ஒவ்வொருவருடைய கைப்பேசிக்கும் போகிறது. அதைப் பெற்ற கைப்பேசி தன்னிடமுள்ள பிரதியை அழித்துவிட்டு, இந்தச் செய்தி அழிக்கப்பட்டது என்ற குறிப்பை அங்கே வைக்கிறது. விலாசப் பட்டியலில் இல்லாதவருக்கு அந்தக் கட்டளையும் போகாது. ஆகவே நீக்கியபின் அழித்தால், குழுவில் எஞ்சிய எல்லாரிடமும் அந்தச் செய்தி மறைந்து, யாரிடமிருந்து அதைக் காக்க நினைத்தோமோ அவர் ஒருவரிடம் மட்டும் அது எஞ்சி நிற்கும். இதைவிட வேடிக்கையான விளைவு வேறில்லை; நானே அட்மினாக இருந்த ஒரு குழுவில் இதைச் செய்துவிட்டுப் பின்னர் உணர்ந்தேன்.

வரிசையை மாற்றினால் விளைவும் மாறுகிறது. முதலில் அழித்து, பிறகு நீக்கினால், அழிக்கும் கட்டளை அவர் இன்னும் உறுப்பினராக இருக்கும்போதே அவருடைய பெயருக்கும் வரிசையில் ஏறிவிடும். மேற்சொன்ன எடுத்துக்காட்டில், அட்மின் 4.30க்குப் பட்டியலை அழித்துவிட்டு 4.40க்கு நீக்கியிருந்தால், இரவு 9 மணிக்குக் கைப்பேசி உயிர்த்ததும் பட்டியலும் வரும், அதை அழிக்கும் கட்டளையும் பின்னாலேயே வரும். அவர் காண்பது அழிக்கப்பட்டதற்கான குறிப்பை மட்டுமே. கைப்பேசி அணைந்திருந்தது இங்கே அட்மினுக்குச் சாதகமாகிறது. அது இயங்கிக்கொண்டிருந்து, அவர் 11 மணிக்கே பட்டியலைப் படித்துவிட்டிருந்தால், அழிப்பதால் பிரதி போகுமே தவிரப் படித்தது போகாது. ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தால் அதுவும் போகாது.

இந்த வழிக்கும் வரம்புகள் உள்ளன. அழிப்பதற்கான கால வரம்பு 2 நாளும் 12 மணி நேரமும். அதைத் தாண்டிய செய்திக்கு அந்த வாய்ப்பே காட்டப்படாது. ஓராண்டாக உறுப்பினராக இருந்தவரை நீக்கும்போது, அந்த ஓராண்டின் உரையாடலில் கடைசி இரண்டரை நாள்களைத்தான் தொட முடியும் என்பதே இதன் பொருள். மற்றவர்களுடைய செய்திகளையும் அழிக்கும் உரிமை அட்மினுக்கு உண்டு என்பதால், பட்டியலைப் பகிர்ந்தவரைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தச் செய்தியை மேற்கோளாக வைத்து யாராவது பதில் எழுதியிருந்தால், பதிலின் தலையில் ஒட்டியிருக்கும் மேற்கோள் துண்டு அழியாது. அதைத் தனியாகக் கவனித்து அந்தப் பதிலையும் அழிக்க வேண்டும். படமாக இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. ஐஃபோனில் வாட்ஸ்அப் படங்கள் தாமாகவே படத்தொகுப்பில் சேமிக்கப்படும்படி ஒருவர் வைத்திருந்தால், செய்தி அழிந்தாலும் படத்தொகுப்பில் உள்ள பிரதி அழிவதில்லை.

நீக்கப்பட்டவர் தரப்பிலிருந்தும் இதைப் பார்க்க வேண்டும். அவர் எழுதிய செய்திகள் மற்றவர்கள் அனைவரிடமும் இருக்கின்றன. அவற்றைத் திரும்பப் பெற அவருக்கு இனி வழியில்லை. அழிக்கும் கட்டளையும் ஒரு செய்தி என்று கண்டோம். குழுவுக்குச் செய்தி அனுப்ப முடியாதவரால் அந்தக் கட்டளையையும் அனுப்ப முடியாது. தம் கைப்பேசியில் அழித்துக்கொள்ளலாம். அது அவருடைய பிரதியை மட்டும் அழிக்கும். இந்த நிலை அட்மினின் நிலைக்குச் சரியான மறுபக்கம்: ஒருவரிடம் இருப்பதை மற்றவர் தொட முடியாது.

படங்கள், காணொளிகள், கோப்புகள் ஆகியவை எழுத்துச் செய்திகளிலிருந்து ஒரு விதத்தில் மாறுபடுகின்றன. எழுத்து முழுதாக வந்துவிடுகிறது. படமோ, மங்கலான சிறு வடிவத்தோடும் பதிவிறக்குவதற்கான அம்புக்குறியோடும் வருகிறது. முழுப் படம் குறியாக்கம் செய்யப்பட்ட நிலையில் சர்வரில் தற்காலிகமாக இருக்கும். அதன் இருப்பிடமும் அதைத் திறக்கும் சாவியும் மட்டும் செய்திக்குள் வரும். அம்புக்குறியைத் தொட்டு இறக்கிய படம் கைப்பேசியில் இருக்கும். நீக்கம் அதைத் தொடாது. இறக்காமல் விட்ட படத்தைப் பொறுத்தவரை, சர்வரில் அது இருக்கும்வரைதான் வாய்ப்பு. பல மாதங்களுக்கு முந்திய கோப்பு ஒன்றை, நீக்கப்பட்ட பிறகு தேடிச் சென்று தொட்டால், அந்தக் கோப்பு இப்போது இல்லை, அனுப்பியவரிடம் மீண்டும் அனுப்பச் சொல்லுங்கள் என்ற பொருளில் அறிவிப்பு வரக்கூடும். உறுப்பினராக இருந்திருந்தால் குழுவிலேயே கேட்டிருக்கலாம். இப்போது அனுப்பியவருக்குத் தனியாக எழுதித்தான் கேட்க வேண்டும். ஆகவே நீக்கப்பட்டதை அறிந்தவுடன், தமக்குத் தேவையான கோப்புகள் மங்கலாக நிற்கின்றனவா என்று மேலே நகர்த்திப் பார்த்து இறக்கிவிடுவது நல்லது.

மறையும் செய்திகளைப் பற்றியும் ஒரு சொல். 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் ஆகிய மூன்றில் ஒன்றைக் குழுவுக்குக் காலக்கெடுவாக வைக்கலாம். அந்தக் கெடு ஒவ்வொரு செய்தியோடும் சேர்ந்தே வருகிறது. நாள் எண்ணுவது கைப்பேசியின் வேலை. ஆகவே நீக்கப்பட்டவரின் கைப்பேசியிலும் அவை உரிய நாளில் மறைந்துவிடும். பழைய செய்திகள் அவரிடமே இருக்கும் என்ற பொது விதிக்கு உண்மையான விதிவிலக்கு இது ஒன்றுதான். முன்னாள் உறுப்பினர்களிடம் பேச்சு தங்கிவிடக்கூடாது என்று ஓர் அட்மின் உண்மையிலேயே விரும்பினால், அவர் நாடவேண்டியது நீக்கப் பொத்தானை அன்று, முன்கூட்டியே இந்தக் கெடுவைத்தான். கெடு வைப்பதற்கு முன்பு எழுதப்பட்டவற்றுக்கு அது பொருந்தாது என்பதால் பிந்திச் செய்வதில் பயன் குறைவு.

இருக்கும் செய்திகள் எவ்வளவு காலம் இருக்கும்? அந்தக் கைப்பேசி இருக்கும்வரை, அல்லது காப்பு நகல் இருக்கும்வரை. கூகுள் கணக்கிலோ ஐகிளவுடிலோ வாட்ஸ்அப் எடுத்துவைக்கும் பேக்கப்பில், நீக்கப்பட்ட குழுக்களின் உரையாடலும் சேர்ந்தே போகிறது. புதிய கைப்பேசியில் மீட்டெடுத்தால் குழு அதே உறைந்த நிலையில், அதே நீக்க வரியோடு திரும்பி வரும். பேக்கப் இல்லாமல் கைப்பேசி தொலைந்தாலோ, கோபத்தில் குழுவை அழித்துவிட்டாலோ, மீட்கும் இடம் எதுவும் இல்லை. சர்வரில் பிரதி இல்லை என்பதை மேலே கண்டோம். நீக்கப்பட்ட குழுவைத் திறந்தவுடன், அதை அழித்துவிடும் வாய்ப்பு கைக்கு எட்டும் இடத்திலேயே இருக்கிறது. அதை அழுத்துவதற்கு முன், பிற்காலத்தில் இந்த உரையாடல் தேவைப்படுமா என்று ஒரு முறை எண்ணிப்பார்க்க வேண்டும்.

தேவைப்படும் என்று தோன்றினால், Export chat என்ற வசதியால் உரையாடலை ஓர் எழுத்துக் கோப்பாக வெளியே எடுத்துவைக்கலாம். ஆண்ட்ராய்டில் ஒரே முறையில் எடுக்கக்கூடிய அளவு, படங்களோடு என்றால் அண்மைய 10,000 செய்திகள், படங்கள் இல்லாமல் என்றால் 40,000 செய்திகள். இந்தக் கோப்பில், திரையில் கிடைக்காத ஒரு தகவலும் கிடைக்கிறது. இன்னார் உங்களை நீக்கினார் என்ற வரியின்மேல் திரையில் நேரம் காட்டப்படுவதில்லை. அன்றைய தேதி மட்டுமே மேலே தெரியும். ஏற்றுமதி செய்த கோப்பிலோ ஒவ்வொரு வரிக்கும் முன்னால் தேதியும் நேரமும் இருக்கும். ஆங்கில இடைமுகம் உள்ள கைப்பேசியில் அது ஏறத்தாழ இப்படி அமையும்:

```
12/03/25, 16:38 - உறுப்பினர்: கூட்டம் நாளைக்குத்தானே?
12/03/25, 16:40 - அட்மின் removed you
```

எப்போது நீக்கினார்கள் என்பது ஒரு வழக்கிலோ புகாரிலோ கேள்வியாகும்போது இந்த ஒரு வரி உதவும். ஆனால் இது திருத்தக்கூடிய சாதாரண எழுத்துக் கோப்பு என்பதால், கைப்பேசியில் உள்ள மூல உரையாடலையும் அழிக்காமல் வைத்திருப்பதே முறை.

இதுவரை சொன்னதன் அடிப்படை, செய்தி கைப்பேசியில் வாழும் செயலிகளுக்குப் பொருந்தும்; கால வரம்புகள் வேறுபட்டாலும் சிக்னலும் இந்த வகையே. டெலிகிராமில் குழுவின் உரையாடல் சர்வரில் வாழ்கிறது என்பதால் விடை மாறுகிறது, அதுவும் இருவகையாக. 200 பேர்வரை கொள்ளும் சாதாரணக் குழுவில், ஒவ்வொரு பயனருக்கும் அவருடைய கணக்கிலேயே தனிப் பிரதி வைக்கப்படுகிறது. அதிலிருந்து நீக்கப்பட்டவர், நீக்கப்பட்ட கணம்வரையிலான உரையாடலைத் தொடர்ந்து பார்க்கலாம். 2,00,000 பேர்வரை கொள்ளும் சூப்பர்குரூப்பில் எல்லாருக்கும் பொதுவாக ஒரே வரலாறுதான் உண்டு. நாம் முன்பு தள்ளிவைத்த கூடத்தின் உவமை இங்கேதான் பொருந்துகிறது. அதிலிருந்து நீக்கப்பட்டவருக்குக் குழு பட்டியலிலிருந்தே மறைந்து, தாம் எழுதியவை உட்பட எதையும் பார்க்க முடியாமல் போகிறது. கைப்பேசியில் தனியாகச் சேமித்துக்கொண்ட கோப்புகள் மட்டுமே மிஞ்சும். சிக்கல் என்னவென்றால், இருவகைக் குழுக்களும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். சாதாரணக் குழுவில் சில அமைப்புகளை மாற்றினாலே, எடுத்துக்காட்டாக அதைப் பொதுக் குழுவாக்கினாலே, அது சூப்பர்குரூப்பாக உருமாறிவிடுகிறது. ஆகவே டெலிகிராம் குழுவில் இருப்பவர், தமக்கு வேண்டிய கோப்பு குழுவில்தானே இருக்கிறது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைப்பது வாட்ஸ்அப்பில் விட்டுவைப்பதைவிட ஆபத்தானது.

மீண்டும் வாட்ஸ்அப்புக்கு வந்தால், நீக்கப்பட்டவர் திரும்பச் சேர்வது எப்படி என்பது மிஞ்சுகிறது. அட்மின் நீக்கிய எண்ணைக் கொண்டு குழுவின் அழைப்பு இணைப்பு வழியாக உள்ளே வர முடியாது. நீங்கள் நீக்கப்பட்டவர் என்று சொல்லி அது மறுத்துவிடும். ஓர் அட்மின்தான் திரும்பச் சேர்க்க வேண்டும். ஆனால் அந்தத் தடை எண்ணுக்குத்தான். அவர் வேறொரு எண்ணிலிருந்து அதே இணைப்பைத் தொட்டால் யாரென்று தெரியாது. எனவே இணைப்பு வெளியே உலவும் குழுக்களில், நீக்கியவுடன் பழைய இணைப்பைச் செல்லாததாக்கிப் புதியதை உருவாக்கிக்கொள்ள வேண்டும்.

திரும்பச் சேர்க்கப்பட்டவரின் கைப்பேசியில், அவர் குழுவை அழிக்காமல் வைத்திருந்தால், அதே உரையாடல் அதே இடத்தில் உயிர்பெறும். நீக்கப்பட்டதைச் சொல்லும் வரிக்குக் கீழே சேர்க்கப்பட்டதைச் சொல்லும் வரி விழும். தட்டச்சுப் பெட்டி திரும்பும். இடைப்பட்ட நாள்களில் குழுவில் எழுதப்பட்டவை தாமாக வந்து சேர்வதில்லை. இரண்டு வரிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டி நிற்கும். இரண்டு மாதங்கள் வெளியே இருந்தவருக்கும் இரண்டு நிமிடங்கள் வெளியே இருந்தவருக்கும் அந்த இடம் ஒன்றுபோலவே தெரியும். மேலும் கீழும் உள்ள தேதிகளைப் பார்த்துத்தான் எவ்வளவு தவறவிட்டோம் என்பதைக் கணக்கிட வேண்டும்.